டெலிவரி ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில் சுருக்குவது எப்படி: பிடித்தம், ரேட்டிங், ஐடி முடக்கம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டெலிவரி வேலைக்குச் சேருகிற ஒருவர் ஒப்பந்தத்துக்குச் செலவிடும் நேரம், செல்ஃபி எடுத்து முடித்ததும் வரும் திரையில் ஒரு கட்டத்தைத் தொடும் நேரம்தான். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பக்கம் பக்கமாக ஆங்கிலம் இருக்கும். தொட்டால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். மின்னணு வழியில் ஆனது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. 'நான் படிக்கவே இல்ல' என்பது பிற்பாடு அவ்வளவாக உதவாது.

ரைடருக்காக அதைப் படித்துச் சுருக்கிக் கொடுப்பவருக்காக இதை எழுதுகிறேன். அது வீட்டில் ஆங்கிலம் தெரிந்த தங்கையாக இருக்கலாம், ஜெராக்ஸ் கடையில் மனு எழுதுகிறவராக இருக்கலாம், சங்கத்துக்காரராகவும் இருக்கலாம். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் தமிழாக்க ஆரம்பிப்பார்கள்; பொருள் விளக்கப் பகுதியைத் தாண்டுவதற்குள் இருவருக்கும் தூக்கம் வந்துவிடும். நான் சொல்லும் வழி தலைகீழானது. ரைடரின் ஒரு வாரப் பேஅவுட்டை முதலில் எடுங்கள். அதில் குறைந்திருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ஒப்பந்தத்தில் எந்த வரி இடம் கொடுக்கிறது என்று தேடிப் போங்கள். ரைடருக்கு வேண்டிய சுருக்கம் அந்தத் தேடலிலேயே பாதி எழுதப்பட்டுவிடும்.

முதலில் சேர்க்க வேண்டியவை

ஒப்பந்தம் என்று ஆப்பில் தெரிவது தனி ஒரு ஆவணம் அல்ல. அதற்குள் 'நிறுவனத்தின் கொள்கைகளும் இதில் அடங்கும்' என்று ஒரு வரி இருக்கும். சுட்டியைத் தொட்டால் ரத்துக் கொள்கை, ரொக்கக் கொள்கை, நடத்தை விதி என்று வேறு பக்கங்கள் திறக்கும். கிலோமீட்டருக்கு எவ்வளவு, இன்சென்டிவ் எத்தனை ஆர்டருக்கு என்கிற ரேட் கார்டு பல நேரங்களில் ஒப்பந்தத்திலேயே இருக்காது. ஆப்பில் தனியாக, வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம், அது சுட்டும் கொள்கைகள், இன்றைய ரேட் கார்டின் ஸ்கிரீன்ஷாட், முடிந்த ஒரு வாரத்தின் பேஅவுட் விவரம்.

இவற்றை ரைடரின் போனில் மட்டும் வைக்காதீர்கள். அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். ஐடி முடங்கினால் லாகின் போகும். லாகின் போனால் பேஅவுட், ஆர்டர் வரலாறு, ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து போகும். வழக்குக்கோ மனுவுக்கோ ஆதாரம் தேவைப்படும் அன்றைக்கு அது கையில் இல்லாமல் போவது இப்படித்தான்.

அடுத்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதிக்குப் போய் திருத்தம் பற்றிய விதியைப் பாருங்கள். 'விதிகளை அவ்வப்போது மாற்றலாம்; மாற்றிய பின்பும் ஆப்பைப் பயன்படுத்தினால் ஒப்புக்கொண்டதாகப் பொருள்' என்ற மாதிரி இருக்கும். இதனால் உங்கள் சுருக்கத்துக்கு ஒரு தேதி கட்டாயம் வேண்டும். தேதி இல்லாத சுருக்கம் அடுத்த மாதமே தவறாகிவிடலாம்.

பிடித்தம்: ஒரு வாரக் கணக்கு

வடசேரிப் பகுதியில் வண்டி ஓட்டும் ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். கணக்கு உதாரணத்துக்கானது, ஆனால் வகைகள் எல்லாம் நிஜத்தில் வருபவை. அவர் வந்து சொல்வது இப்படி இருக்கும்: "எண்ணே, ஆயிரத்தி எழுநூறுக்கு மேல பிடிச்சிட்டானுவ, எதுக்குன்னே தெரியல." நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "பேஅவுட்ட காட்டு, மக்கா."

ஆர்டர் கூலி 2,870 ரூபாய். வார இன்சென்டிவ் 900. மழைக்கு 140. மொத்தம் 3,910. அதிலிருந்து குறைந்தவை: டி.டி.எஸ். 39.10, சேர்க்கைக் கட்டணத் தவணை 200, ஆர்டர் இழப்பு 310, ரொக்கச் சரிக்கட்டல் 1,240. ஆக 1,789.10 போய், வங்கிக்கு வந்தது 2,120.90.

இந்த நான்கும் ஒரே கோபத்துக்கு உரியவை அல்ல. சுருக்கத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவதுதான் உங்கள் முக்கிய வேலை.

ரொக்கச் சரிக்கட்டல் 1,240 இழப்பே அல்ல. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களில் வாடிக்கையாளர் கொடுத்த பைசா தம்பியின் பாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சம்பாத்தியத்தில் கழித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு இடம் தருவது, ரைடர் தர வேண்டிய எந்தத் தொகையையும் அவருக்குத் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி. வாரம் முடியும் ஞாயிறு இரவில்தான் சிக்கல் வரும். தம்பி இரவு பத்தரைக்கு யூபிஐ வழியாக 1,240 ரூபாயைக் கட்டியிருப்பார். பேஅவுட் அதற்கு முன்பே கணக்கை மூடியிருக்கும். அப்போது கட்டியதும் போகும், கழித்ததும் போகும். கண்டுபிடிப்பது எளிது: கட்டிய பரிவர்த்தனை எண்ணும் நேரமும் அடுத்த வாரப் பேஅவுட்டில் வரவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்த எண்ணோடு புகார் பதியச் சொல்லுங்கள். ரொக்க வரம்பு எவ்வளவு, அதைத் தாண்டினால் ஆர்டர் நிற்குமா என்பதையும் இதே வரியோடு குறித்துவிடுங்கள்.

டி.டி.எஸ். 39.10 திரும்பக் கிடைக்கக்கூடிய பைசா. தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் பிடிப்பார்கள். ரைடரின் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இதில் பார்க்க வேண்டியது சதவீதத்தைத்தான். பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த வாரக் கணக்கில் அது 782 ரூபாயாகியிருக்கும். பான் விவரத்தை ஆப்பில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சேர்க்கைக் கட்டணம் பை, டி-சர்ட், பின்னணிச் சரிபார்ப்பு என்று சேர்த்துப் போடுவது. 200 ரூபாய் எத்தனை வாரம், மொத்தம் எவ்வளவு, இடையில் விலகினால் பாக்கி என்ன, பையைத் திருப்பிக் கொடுத்தால் ஏதாவது கிடைக்குமா. இந்த நான்குக்கும் பதில் ஒப்பந்தத்தில் கிடைக்காவிட்டால் 'எழுதப்படவில்லை' என்றே எழுதுங்கள். நியாயமாக இருக்கும் என்று நீங்களாக இட்டு நிரப்பக் கூடாது.

மிஞ்சுவது 310. வாடிக்கையாளர் 'ஆர்டர் வரவில்லை' என்று போட்டுவிட்டார். ஒப்பந்தம் அநேகமாக, நிறுவனம் தன் விருப்பப்படி முடிவு செய்து ஆர்டர் மதிப்பை வசூலிக்கலாம் என்று சொல்லும். இந்த வரிக்கு மட்டும் சுருக்கத்தில் நாலைந்து வாக்கியம் ஒதுக்குங்கள், ஏனென்றால் ரைடரின் சொந்தப் பைசா போவதும், சண்டை போட இடம் இருப்பதும் இங்கேதான். முடிவு செய்வது யார்? பிடிப்பதற்கு முன் கேட்பார்களா, பின்னாலா? மறுப்புச் சொல்ல எத்தனை மணி நேரம்? ஒரு ஆர்டருக்கு உச்ச வரம்பு உண்டா? மறுப்புக்கான கெடு ஒப்பந்தத்தில் இல்லாமல் ஆப்பின் உதவிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், அங்கேயும் பாருங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74 சொல்வதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: மீறலுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே தொகை எழுதியிருந்தாலும், கிடைக்கக்கூடியது அந்தத் தொகைக்கு உட்பட்ட நியாயமான ஈடுதான். அதற்காக 310 ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம்.

நம் மாவட்டத்தில் இந்தப் புகாருக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கதவு எண்ணைவிட வீட்டுப் பெயரும் விளைப் பெயரும்தான் இங்கே முகவரி. 'சர்ச்சுக்குப் பின்னால, குளத்தங்கரை' என்று போட்டிருப்பார்கள். வரைபடக் குறி பக்கத்து இடைவழியில் போய் விழும். ரைடர் போன் செய்து, கேட்டு, சுற்றிக் கொடுத்துவிட்டு வருவார். பிறகு 'வரவில்லை' என்று புகார் வந்தால், குறி விழுந்த இடத்தில் அவர் இல்லை என்று பதிவு காட்டும். எனவே குறியும் உண்மையான வீடும் வேறு என்றால், கொடுக்கும் முன்பே வாடிக்கையாளர் சொன்ன இடத்தை ஆப்பின் சாட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, கேட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் கணக்கும் இதோடு சேர்ந்ததே. 'தூரம் எங்கள் வரைபடம் காட்டுவதே' என்ற விதி இருந்தால், சுற்றிய தூரத்துக்குப் பைசா இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பேஅவுட்டில் பிடித்தமாகவே தெரியாத ஒன்றும் உண்டு. 900 ரூபாய் இன்சென்டிவ் எந்த நிபந்தனைகளின் பேரில் வந்தது? இத்தனை ஆர்டர், மதியமும் இரவும் இத்தனை மணி நேர லாகின், மறுத்த ஆர்டர் இரண்டுக்கு மேல் கூடாது என்ற மாதிரி இருக்கும். கடை பூட்டியிருந்ததால் ரைடர் ரத்து செய்ததும், அவரே வேண்டாம் என்று தள்ளியதும் ஒரே கணக்கில் ஏறினால், மூன்றாவது ரத்தோடு 900 முழுதாகப் போய்விடும். பிடித்தம் 310, நழுவுவது 900. இரண்டில் எது பெரிது என்று தம்பிக்குக் காட்டுங்கள். கடை பூட்டியிருந்தால் 'கடை மூடல்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து அல்லது உதவிக்கு அழைத்து ரத்து செய்ய வேண்டும் என்பது கொள்கைப் பக்கத்தில் இருந்தால், அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ரேட்டிங்

ரைடர்கள் ரேட்டிங் என்று சொல்வதில் இரண்டு எண்கள் கலந்திருக்கின்றன. ஒன்று வாடிக்கையாளர் கொடுக்கும் நட்சத்திரம். மற்றொன்று ஆர்டரை ஏற்பது, ரத்து, நேரத்தில் சேர்ப்பது ஆகியவற்றை வைத்து ஆப் தானே போடும் எண். ஒப்பந்தத்தில் 'செயல்திறன் அளவுகோல்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், எது எதற்கு என்று கொள்கைப் பக்கத்தில்தான் தேட வேண்டும். எந்த எண் குறைந்தால் வேலை நேர ஸ்லாட் போகும், எது குறைந்தால் இன்சென்டிவ் போகும், எது ஐடி முடக்கம் வரை போகும் என்று எண்ணையும் விளைவையும் இணைத்து எழுதுங்கள்.

நட்சத்திரத்தின் சராசரி கடைசி எத்தனை ஆர்டருக்கு என்பது இதில் முக்கியம். கடைசி 50 என்று வைப்போம், வரம்பு 4.5. தம்பியின் மொத்தம் 230 நட்சத்திரம், சராசரி 4.6. ஒரு ஐந்தின் இடத்தில் ஒரு ஒன்று வந்தால் 226, அதாவது 4.52, இன்னும் தப்பினார். இரண்டாவது ஒன்று வந்தால் 222, அதாவது 4.44. வரம்புக்குக் கீழே. இரண்டே பேரின் கோபத்தில் இவ்வளவும் ஆகிவிடும், அதுவும் ஜூன், ஜூலை மழையில் சாப்பாடு நனைந்த கோபமாக இருக்கலாம்.

மேலே ஏறுவது வேறு மாதிரி. அடுத்த ஆர்டருக்கு ஐந்து கிடைத்தாலும், ஐம்பதிலிருந்து வெளியே போகும் பழைய ஆர்டரும் ஐந்தாக இருந்தால் சராசரி நகரவே நகராது. 'நல்லாத்தான ஓட்டுதேன், ஏன் ஏற மாட்டேங்கு' என்று ரைடர்கள் திகைப்பது இதனால்தான். அந்த இரண்டு ஒன்றுகளும் வெளியேற, கிட்டத்தட்ட இன்னும் ஐம்பது ரேட்டிங் வர வேண்டும். எல்லா வாடிக்கையாளரும் ரேட்டிங் போடுவதில்லை என்பதால் அது ஐம்பது ஆர்டரும் அல்ல, பல வாரம். இந்தக் கணக்கை அவருடைய சொந்த எண்களை வைத்துப் போட்டுக் காட்டுங்கள். உணவின் தரத்துக்காகவோ கடையின் தாமதத்துக்காகவோ வந்த நட்சத்திரத்தை நீக்கக் கேட்கும் வழி உண்டா என்பதையும் தேடுங்கள். இருந்தால் அதற்கும் ஒரு கெடு இருக்கும்.

ஐடி முடக்கம்

பேச்சில் எல்லாம் 'ஐடி பிளாக்' தான். ஒப்பந்தத்தில் தற்காலிக நிறுத்தம், நிரந்தர நீக்கம், ஒப்பந்த முறிவு என்று தனித்தனியாக இருக்கும். எதில் பாக்கிப் பணம் வரும், எதில் நிறுத்தி வைப்பார்கள் என்பது மாறும். காரணங்களை ஒப்பந்தத்தின் வரிசையில் எழுதாமல், ரைடர் தடுக்கக்கூடியது எது என்ற கண்ணோட்டத்தில் எழுதுங்கள்.

ஆவணக் காரணங்கள் எளிதாகத் தடுக்கக்கூடியவை: லைசென்ஸ், ஆர்.சி., வண்டி இன்சூரன்ஸ் காலாவதி. மூன்று தேதிகளையும் சுருக்கத்தின் மேலேயே போட்டுவிடுங்கள். அண்ணன் பெயரில் இருக்கும் வண்டியை ஓட்டுகிறவர் நம்மூரில் ஏராளம். அதற்கு ஒப்பந்தம் அனுமதிக் கடிதம் கேட்கிறதா என்று பாருங்கள்.

உடனடி முடக்கக் காரணங்களில் ரைடர்கள் பலரும் சாதாரணமாக நினைப்பது ஒன்று உண்டு: ஐடியைக் கூட்டுக்காரனுக்குக் கொடுப்பது. 'ஒரு ரெண்டு நாளைக்கு ஓட்டுடே' என்று கொடுத்திருப்பார்கள். இடையில் வரும் செல்ஃபி சோதனை இதற்காகத்தான். முடக்கத்தைவிடப் பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் விபத்து நடந்தால் நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு யார் பெயரில் பேசும் என்பது. இதைச் சுருக்கத்தில் மென்மையாகச் சொல்ல வேண்டாம். ரொக்கத்தைக் கட்டாமல் இருப்பதும், ஜிபிஎஸ்ஸை ஏமாற்றும் ஆப் வைத்திருப்பதும் இதே வரிசையில் வரும்.

அறிவிப்புக் காலத்தை இரு பக்கமும் ஒப்பிட்டு எழுதுங்கள். ரைடர் விலகினால் இத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், நிறுவனம் நீக்கினால் அறிவிப்பே தேவையில்லை என்று இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டத்தில், நீக்கத்துக்கு எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்று இருக்கிறது. அது அந்த மாநிலத்துக்கு உரியது. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் என்பதால் மார்த்தாண்டத்து ரைடருக்கு அது தானாக வந்துவிடாது. தமிழ்நாட்டில் 2023இல் இணையவழித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்வது உதவித்தொகைகளுக்குப் பயன்படும், முடங்கிய ஐடியைத் திறந்து தராது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்படியே: ரைடரைத் தனி வகையாக ஏற்கிறது, சமூகப் பாதுகாப்புக்கு வழி செய்கிறது, நீக்கத்தைத் தடுக்கவில்லை.

தகராறு விதியில் நடுவர் தீர்ப்பு, இடம் பெங்களூர் அல்லது குருகிராம் என்ற மாதிரி இருக்கும். நாகர்கோவிலிலிருந்து அங்கே போய் வரும் செலவு பல நேரம் தகராறுத் தொகையைவிட அதிகம். அதைச் சுருக்கத்தில் சொல்லுங்கள். நடுவரை நிறுவனம் தானே நியமிக்கும் என்று எழுதியிருந்தால், தகராறின் முடிவில் அக்கறை உள்ளவர் ஒருதலையாக நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதையும் சேருங்கள். அந்த அளவுக்குப் போக வேண்டி வந்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தகுதி உள்ளவர்களுக்கு வக்கீல் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

முடக்கம் வந்த நாளில் செய்ய வேண்டியது மூன்று. திரையில் வந்த செய்தியைப் படம் எடுப்பது. ஆப் வழியாக மட்டுமல்லாமல் ஒப்பந்தத்தில் உள்ள குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் எழுதுவது. அதில் எந்த விதியின் கீழ், எந்த ஆர்டருக்காக என்று கேட்பது. மூன்றாவது, பாக்கிப் பேஅவுட்டைத் தனியாகக் கேட்பது. நீக்கத்தை எதிர்ப்பதும் சம்பாதித்த பைசாவைக் கேட்பதும் இரண்டு வேறு கோரிக்கைகள். ஒரே கடிதத்தில் கலந்தால், முதலாவது மறுக்கப்படும்போது இரண்டாவதும் சேர்ந்து மறைந்துவிடும்.

எழுதி முடித்த பக்கம்

ஒவ்வொரு வரியிலும் விதி எண் இருக்கட்டும். சட்ட விரோதம், ஏமாற்று என்ற தீர்ப்புகளைச் சுருக்கத்தில் எழுதாதீர்கள். அவை மனுவுக்கு உரியவை. மாதிரிக்குச் சில வரிகள், எண்கள் கற்பனை:

> விதி 6.3: 'ஆர்டர் வரவில்லை' புகாரில் ஆர்டர் மதிப்பைப் பிடிக்கலாம். முடிவு நிறுவனத்துடையது. மறுப்புச் சொல்ல 48 மணி நேரம் (உதவிப் பக்கம்). உச்ச வரம்பு எழுதப்படவில்லை.
>
> விதி 6.5: கையில் உள்ள ரொக்கத்தைப் பேஅவுட்டில் கழிப்பார்கள். ஞாயிறு மாலைக்குள் கட்டு. பரிவர்த்தனை எண்ணை வைத்திரு.
>
> விதி 9.1: ரேட்டிங் 4.5க்குக் கீழே போனால் ஸ்லாட் முன்னுரிமை போகும். இன்று உன் எண் 4.6. இரண்டு ஒற்றை நட்சத்திரம் தாங்காது.
>
> விதி 12.2: ஐடியைப் பிறருக்குக் கொடுத்தால் அறிவிப்பின்றி நீக்கம். பாக்கிப் பேஅவுட் விசாரணை முடியும்வரை நிற்கும். எத்தனை நாள் என்று எழுதப்படவில்லை.

எழுதிய பிறகு தம்பியை உட்கார வைத்து வாய்விட்டு வாசியுங்கள். கேட்டு முடித்ததும் அவருடைய போன பேஅவுட்டை அவரிடமே கொடுத்து, 310 ஏன் போனது, 1,240 ஏன் போனது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றில் தடுமாறினால் குறை அந்த வரியில்தான். அதை மட்டும் திருத்தி எழுதுங்கள். அடுத்து ஆப் 'விதிகள் புதுப்பிக்கப்பட்டன' என்று காட்டும்போது, சம்மதத்தைத் தொடும் முன் புதிய பிரதியை உங்களுக்கு அனுப்பச் சொல்லி வையுங்கள். அன்று பிடித்தம், ரேட்டிங், நீக்கம் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் பழையதோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளைத் திருத்திப் புதுத் தேதி போட்டால் போதும்.